பதின்மூன்று கிளிக், இருபது மடங்கு ஒளி

"புதிதாக 50 மி.மீ. f/1.8 லென்ஸ் வாங்கியிருக்கிறேன். தனுஷ்கோடியில் விடியற்காலையில் எடுக்கும்போது f/1.8 இலிருந்து f/8 க்கு மாற்றினால் எத்தனை ஸ்டாப் குறைகிறது, ஒளி எத்தனை மடங்கு குறைகிறது? 1.4, 2, 2.8, 4 என்று இந்த எண்கள் ஏன் ஒழுங்கே இல்லாமல் போகின்றன? 10 ஸ்டாப் பில்டரையும் 6 ஸ்டாப் பில்டரையும் ஒன்றாக மாட்டினால் மொத்தம் 16 ஸ்டாப்பா, 60 ஸ்டாப்பா?"

முதலில் விடைகள்: 4⅓ ஸ்டாப் குறைகிறது, ஒளி ஏறத்தாழ 20 மடங்கு குறைகிறது, ஒளியைக் குறைக்கும் அந்த இரண்டு பில்டர்களும் சேர்ந்தால் 16 ஸ்டாப். ஆனால் அந்த 16 ஸ்டாப் என்பது ஒளியில் 16 மடங்கும் அல்ல, 60 மடங்கும் அல்ல, 65,536 மடங்கு. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி ஒரு முறை பாதியாவது அல்லது இரட்டிப்பது. ஸ்டாப் என்பதும் மடங்கு என்பதும் இரண்டு வேறு கணக்குகள் என்பதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் ஸ்லைடு பிலிம் காலத்திலிருந்து படம் எடுத்துவருகிறேன். கையில் ஒளிமானியை வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டுப் பழகியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எஃப் எண் என்பது துளையின் அளவு அல்ல, ஒரு வகுத்தல். லென்சின் குவியத் தூரத்தை, முன்பக்கமிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. உங்கள் 50 மி.மீ. லென்சில் f/1.8 என்றால் துளையின் விட்டம் சுமார் 28 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ., கிட்டத்தட்ட அந்த அளவு. அதே லென்சில் f/8 என்றால் விட்டம் 6.25 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தானைவிடவும் சிறியது. விட்டத்தை மட்டும் ஒப்பிட்டால் நான்கரை மடங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் ஒளி நுழைவது விட்டத்தின் வழியாக அல்ல, பரப்பின் வழியாக. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், நான்கரையை நான்கரையால் பெருக்கினால் 20 க்குப் பக்கத்தில் வருகிறது. உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த ஒரு பெருக்கலில் இருக்கிறது.

இப்போது அந்த ஒழுங்கில்லாத எண்களுக்கு வருவோம். தனுஷ்கோடி மணலில் உட்கார்ந்து ஒரு சின்ன வேலை செய்து பார்க்கலாம். ஒரு குச்சியை நட்டு, ஒரு மீட்டர் கயிற்றைக் கட்டி ஒரு வட்டம் போடுங்கள். இதைப்போல் சரியாக இரண்டு மடங்கு பரப்புள்ள வட்டம் வேண்டுமென்றால் கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இரண்டு மீட்டர் கயிற்றில் போட்டால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். வேண்டிய நீளத்தைக் கண்டுபிடிக்க, பக்கத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் ஒன்றைக் கீறி, அதன் மூலைக்கு மூலை கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். அந்த நீளம் 1.414 மீட்டர், அதாவது இரண்டின் வர்க்கமூலம். அந்தக் கயிற்றால் போடும் வட்டம்தான் சரியாக இரண்டு மடங்கு. அந்த 1.414 ஐப் பக்கமாக வைத்து இன்னொரு சதுரம் கீறி மறுபடியும் மூலைக்கு மூலை இழுத்தால் சரியாக 2 மீட்டர் வரும். பரப்பு நான்கு மடங்கு. இன்னும் ஒரு முறை செய்தால் 2.828, பரப்பு எட்டு மடங்கு. லென்சில் பொறித்திருக்கும் 1, 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 எல்லாம் இப்படி ஒவ்வொரு முறையும் 1.414 ஆல் பெருக்கிக்கொண்டே போனதன் விளைவு. ஒழுங்கு இருக்கிறது, அது கூட்டல் ஒழுங்கு அல்ல, பெருக்கல் ஒழுங்கு என்பதால் கண்ணுக்குப் படவில்லை. ஒன்று விட்டு ஒன்றாகப் படித்துப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16 என்று ஒரு வரிசையும் 1.4, 2.8, 5.6, 11, 22 என்று இன்னொரு வரிசையும் தெரியும். இரண்டிலும் எண் இரட்டித்துக்கொண்டே போகிறது.

அந்த இரட்டிப்பில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் f/4 இல் 1/500 என்று ஒளிமானி சரியாகக் காட்டியது. பின்னால் உள்ள சுவரும் தெளிவாக விழ வேண்டும் என்று f/8 க்கு மாறினேன். எண் இரட்டித்தது, ஆகவே நேரத்தையும் இரட்டித்தால் போதும் என்று நினைத்து 1/250 வைத்தேன். ஸ்லைடுகள் கழுவி வந்தபோது பவளக்கல் சுவரின் சொரசொரப்பு நிழல் பக்கத்தில் கரிய திட்டாகப் போயிருந்தது. எஃப் எண் இரட்டித்தால் விட்டம் பாதியாகிறது, பரப்பு கால்வாசியாகிறது. அது இரண்டு ஸ்டாப். நான் வைத்திருக்க வேண்டியது 1/125. ஒரு முழு ஸ்டாப் குறைவாகப் பதிந்திருக்கிறேன். நெகட்டிவ் பிலிமாக இருந்திருந்தால் ஓரளவு மீட்டிருக்கலாம். ஸ்லைடு அந்தச் சலுகையைத் தராது.

எண்ணையே ஒளியோடு நேராக இணைத்துப் பொறித்திருக்கக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றினால், அதையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1881 இல் இங்கிலாந்தில் இருந்த ஒளிப்படச் சங்கம் 'சீர்முறை' என்ற பொருள்படும் ஒரு எண் வரிசையைக் கொண்டுவந்தது. அதில் f/4 க்கு 1, f/5.6 க்கு 2, f/8 க்கு 4, f/11 க்கு 8, f/16 க்கு 16 என்று எண்கள். எண் இரட்டித்தால் வேண்டிய நேரமும் இரட்டிக்கும், வர்க்கமூலமே தேவையில்லை. பழைய மடிப்பு கேமராக்கள் சிலவற்றில் இந்த எண்கள் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். பழைய கேமராவை வாங்கி அதில் உள்ள 4 ஐ f/4 என்று நினைத்து எடுப்பவர்களுக்கு இரண்டு ஸ்டாப் குறைவாகவே படம் வரும். அந்த முறை வழக்கொழிந்தது. குவியத் தூரத்தை விட்டத்தால் வகுக்கும் முறையே நின்றது.

இன்றைய கேமராவில் சக்கரத்தை ஒரு கிளிக் திருப்பினால் வழக்கமாக மூன்றில் ஒரு ஸ்டாப் மாறும். உங்கள் லென்சில் f/1.8 இலிருந்து திருப்பத் தொடங்கி எண்ணிக்கொண்டே போங்கள்: 2, 2.2, 2.5, 2.8, 3.2, 3.5, 4, 4.5, 5, 5.6, 6.3, 7.1, 8. பதின்மூன்று கிளிக். பதின்மூன்றை மூன்றால் வகுத்தால் 4⅓. கணக்கே போடாமல் விரலாலேயே விடை கிடைத்துவிட்டது. ஷட்டர் பக்கத்திலும் இதையே சோதிக்கலாம். விடியும்போது f/1.8 இல் 1/200 சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். f/8 க்கு மாற்றியதும் ஷட்டரையும் பதின்மூன்று கிளிக் மெதுவாக்க வேண்டும்: 160, 125, 100, 80, 60, 50, 40, 30, 25, 20, 15, 13, 10. நிற்குமிடம் 1/10. இருநூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்காகியிருக்கிறது, சரியாக 20 மடங்கு. துளைப் பக்கம் மூடிய ஒளியை நேரத்தின் பக்கம் திறந்து ஈடு செய்தோம்.

மூன்றில் ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் எத்தனை மடங்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் 'ஒரு ஸ்டாப் இரண்டு மடங்கு என்றால் மூன்றில் ஒரு ஸ்டாப் இரண்டில் மூன்றில் ஒன்று' என்று தவறாக வகுத்துவிடுகிறார்கள். மூன்று முறை பெருக்கினால் 2 வரும் எண் எதுவோ அதுதான் மூன்றில் ஒரு ஸ்டாப், அது 1.26. மூன்றில் இரண்டு ஸ்டாப் என்றால் 1.59. அரை ஸ்டாப் என்றால் நம் பழைய 1.414. எஃப் எண்ணில் பார்த்தால் ஒரு கிளிக்குக்கு இந்த 1.26 இன் வர்க்கமூலமான 1.12 ஆல் பெருக வேண்டும்; 4 ஐ 1.12 ஆல் பெருக்கினால் 4.5 என்று சக்கரத்தில் வருவதற்குக் காரணம் அதுதான்.

விரலால் எண்ண முடியாத இடங்களுக்கு, உதாரணமாக இரண்டு வெவ்வேறு லென்சுகளை ஒப்பிடுவதற்கு, இந்த இரண்டு வரிகள் போதும். இதில் N1 முதல் எஃப் எண், N2 இரண்டாவது எஃப் எண், R ஒளி விகிதம், S ஸ்டாப்.

```
R = (N2 / N1)^2
S = log(R) / log(2)
```

கைபேசியில் உள்ள கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் log பொத்தான் தெரியும். உங்கள் எண்களைப் போட்டால் 8 ஐ 1.8 ஆல் வகுத்து 4.44, அதன் வர்க்கம் 19.75, ஸ்டாப் 4.30. மேலே 4⅓ என்றேன், இங்கே 4.30 வருகிறது. எது சரி? பொறித்த 1.8 என்பது சுருக்கி எழுதிய எண். வரிசைப்படி அந்த இடத்தில் இருக்க வேண்டியது 1.7818, அதைப் போட்டால் 20.16 மடங்கும் 4.33 ஸ்டாப்பும் வரும். அதேபோல் 5.6 என்பது உண்மையில் 5.66, 11 என்பது 11.31, 22 என்பது 22.63. ஆகவே பொறித்த எண்ணை வைத்துக் கணக்கிட்டுப் பத்தில் ஒரு ஸ்டாப்பைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை. விடையை அருகிலுள்ள மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குச் சரிசெய்துகொள்வதே என் வழக்கம்.

மடங்கிலிருந்து ஸ்டாப்புக்குத் திரும்பி வர, மனக்கணக்காக ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: 10 மடங்கு என்பது 3⅓ ஸ்டாப். இதிலிருந்து 20 மடங்கு என்றால் இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டி 4⅓; 100 மடங்கு என்றால் 3⅓ ஐ இரண்டு முறை கூட்டி 6⅔; 1000 மடங்கு என்றால் மூன்று முறை கூட்டி 10. மடங்குகளைப் பெருக்குமிடத்தில் ஸ்டாப்புகளைக் கூட்ட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே விதி. உங்கள் பில்டர் கேள்விக்கும் அதுவே விடை. முதல் பில்டர் ஒளியை 1,024 இல் ஒரு பங்காக்குகிறது. எஞ்சியதை இரண்டாவது பில்டர் 64 இல் ஒரு பங்காக்குகிறது. மடங்குகள் பெருகுகின்றன: 1,024 × 64 = 65,536. ஸ்டாப்புகள் கூடுகின்றன: 10 + 6 = 16.

பில்டர் வாங்கும்போது பெயரில் கவனம் வேண்டும். ஒரே பில்டரை ஒருவர் ஸ்டாப்பிலும், இன்னொருவர் மடங்கிலும், மூன்றாமவர் அடர்த்தியிலும் குறிக்கிறார்கள். என்.டி. 8 என்று வளையத்தில் எழுதியிருந்தால் அது 8 ஸ்டாப் அல்ல, 8 மடங்கு. அதாவது 3 ஸ்டாப். அதே பில்டரில் 0.9 என்று எழுதியிருந்தால் அது அடர்த்தி. ஒரு ஸ்டாப்புக்கு 0.3 வீதம் வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே 1.8 என்றால் 6 ஸ்டாப், 3.0 என்றால் 10 ஸ்டாப். 8 ஸ்டாப் என்று நம்பி என்.டி. 8 ஐ மாட்டிக்கொண்டு, ஷட்டரை 256 மடங்கு நீட்டி, வெள்ளைத் தாளாக வந்த படத்தைக் காட்டி பில்டர் போலி என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர் உண்டு.

அரிச்சல்முனையில் ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். காலை ஒன்பதரை மணி, மேகமில்லாத வெயில், ஐஎஸ்ஓ 100. அந்த வெயிலில் f/16 இல் 1/125 என்பது பிலிம் காலத்திலிருந்து வரும் கைக்கணக்கு. f/8 க்கு வந்தால் இரண்டு ஸ்டாப் ஒளி கூடும், ஆகவே 1/500. 10 ஸ்டாப் பில்டரை மட்டும் மாட்டினால் 1,024 ஐ 500 ஆல் வகுத்து, இரண்டு விநாடி. அலை நுரை கோடாக இழுபடும், ஆனால் கடல் பனிமூட்டமாகாது. 6 ஸ்டாப் பில்டரையும் சேர்த்து மாட்டினால் 65,536 ஐ 500 ஆல் வகுத்து 131 விநாடி. ஒவ்வொன்றாக இரட்டித்துக்கொண்டே எண்ணினால் 2, 4, 8, 15, 30 என்று கேமரா எண்களில் போய் 120 விநாடியில் நிற்கும். 131 க்கும் 120 க்கும் உள்ள இடைவெளி பயமுறுத்தலாம். ஆனால் விகிதமாகப் பார்த்தால் அது எட்டில் ஒரு ஸ்டாப் அளவுதான். ஷட்டர் எண்களும் சுருக்கி எழுதியவையே: 500 என்பது வரிசைப்படி 512, 15 விநாடி என்பது 16, 30 என்பது 32. வரிசையை ஒழுங்காக நடத்தினால் 128 விநாடி கிடைக்கும். இரண்டு நிமிடப் பதிவில் எட்டு விநாடி முன்னே பின்னே போனால் படத்தில் தெரியாது. காற்றில் முக்காலி ஆடினால் தெரியும். அந்த முனையில் அதைப் பற்றிக் கவலைப்படுவது கூடுதல் பயன் தரும்.

இதுவரை சொன்ன கணக்கில் எனக்கு ஐயமில்லை. ஐயம் இருப்பது, பொருள்களின் மேல் எழுதியிருக்கும் எண்களில். 10 ஸ்டாப் என்று விற்கும் பில்டர் சரியாக 10 ஆக இருக்கும் என்று நான் நம்புவதில்லை. என்னிடம் உள்ள இரண்டில் ஒன்று, சோதித்துப் பார்த்ததில், மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக இருட்டடிக்கிறது. சோதிப்பது எளிது. ஒளி மாறாத நிழலில் ஒரு வெள்ளைச் சுவரை முக்காலியிலிருந்து, பில்டர் இல்லாமல் 1/60 இல் எடுங்கள். துளையை மாற்றாமல், பில்டரை மாட்டி, 10 ஸ்டாப் நீட்டி 16 விநாடிக்கு எடுங்கள். கேமராவில் அது 15 என்று இருக்கும். பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவாக இருந்தால் கண் வைத்துப் பார்க்கும் துளையைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கமிருந்து ஒளி புகுந்து சோதனையைக் கெடுக்கும். இரண்டு படங்களின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் ஒரே இடத்தில் குவிந்தால் பில்டர் சொன்னபடி இருக்கிறது. இடப்பக்கம் நகர்ந்திருந்தால் பில்டர் கூடுதல் அடர்த்தி. 20 விநாடி, 25 விநாடி என்று ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டி, எந்த இடத்தில் ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைப் பில்டர் பெட்டியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது வரம்பு உங்கள் லென்சைப் பற்றியது. எஃப் எண் வடிவியலை மட்டும் சொல்கிறது. கண்ணாடிகள் விழுங்கும் ஒளியை அது சொல்வதில்லை. லென்ஸ் நூற்றுக்கு எண்பது பங்கு ஒளியை மட்டும் விட்டால், மூன்றில் ஒரு ஸ்டாப் அதிலேயே போகிறது. சினிமாக்காரர்கள் அதையும் சேர்த்து அளந்த டி எண்ணைப் பயன்படுத்துவதற்குக் காரணம் அதுதான். ஒரே லென்சில் f/1.8 ஐயும் f/8 ஐயும் ஒப்பிடும்போது இந்த இழப்பு இரண்டு பக்கமும் சமம் என்பதால் விகிதம் மாறாது. இரண்டு வேறு லென்சுகளை ஒப்பிடும்போதுதான் இது கணக்கைக் கலைக்கும். ஆனால் ஓரங்களின் கதை வேறு. துளை முழுதும் திறந்திருக்கும்போது படத்தின் மூலைகள் நடுவைவிட ஒரு ஸ்டாப் அளவுக்கோ அதற்கு மேலோ இருண்டிருப்பது இத்தகைய லென்சுகளில் சாதாரணம். F/8 இல் அது பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே நடுவில் 4⅓ ஸ்டாப் குறையும்போது மூலையில் மூன்று சொச்சம்தான் குறையும். 20 மடங்கு என்று நான் சொன்னது படத்தின் நடுவுக்கு.

கடைசியாக, நீங்கள் கேட்டது விடியற்காலையைப் பற்றி. அந்த நேரத்தில் சூரியன் எழும் முன், சில நிமிடங்களுக்குள் ஒளி ஒரு ஸ்டாப் கூடிவிடும். முன்பு அளந்த அளவை வைத்து நீண்ட பதிவு எடுத்தால், ஷட்டர் மூடுவதற்குள் கணக்கு பழையதாகிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளவெடுங்கள், வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வையுங்கள். மேலே சொன்ன உதாரணப்படி f/8 இல் 1/10 வருகிற வெளிச்சத்துக்கு 6 ஸ்டாப் பில்டர் ஒன்றே போதும்: 64 ஐ 10 ஆல் வகுத்து ஆறு விநாடி சொச்சம், அலை மிருதுவாகிவிடும். 10 ஸ்டாப் பில்டர் என்றால் 102 விநாடி. இரண்டையும் சேர்த்து மாட்டினால் 6,554 விநாடி, அதாவது ஒரு மணி 49 நிமிடம். நீங்கள் ஷட்டரை மூடும்போது விடியலும் போயிருக்கும், அரிச்சல்முனைக்குச் சுற்றுலா வேன்களும் வந்து சேர்ந்திருக்கும்.